"அதில்" என்றால் எதில்? ஒரு கடலைக்காய்க் கணக்கை எளிய தமிழில் திருப்பி எழுதிய அனுபவம்

கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு பள்ளியில், தமிழ் வழி ஏழாம் வகுப்புக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் இந்தப் பகுதியில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கொங்குச் சாயல் கொண்ட தமிழ். கடைத்தெருவிலும் பேருந்திலும் மலையாளம் கலந்து வரும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தமிழோ இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாவது தமிழில் நானே ஒரு காலத்தில் எழுதி, பல ஆண்டுகளாகப் பயிற்சித் தாளில் விட்டு வைத்திருந்த ஒரு வினாவைப் பற்றியது இந்தக் குறிப்பு. அந்த வினா இதுதான்:

"ஒரு விவசாயி தமது தோட்டத்தில் அறுவடை செய்யப்பட்ட நிலக்கடலையில் ஐந்தில் இரண்டு பங்கினை விற்பனை செய்த பின்னர், எஞ்சியதில் நான்கில் ஒரு பங்கினை அடுத்த பருவ விதைப்பிற்கென ஒதுக்கினார். அவ்வாறு ஒதுக்கியது போக எஞ்சிய நிலக்கடலையின் அளவு 315 கிலோகிராம் எனில், அறுவடை செய்யப்பட்ட நிலக்கடலையின் மொத்த அளவு யாது?"

ஒவ்வோர் ஆண்டும் இந்த வினாவுக்கு வகுப்பில் பாதிப் பேர் எதையும் எழுதாமல் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். சிலர் 2, 5, 1, 4, 315 என்று கண்ணில் பட்ட எண்களை எல்லாம் பெருக்கியோ கூட்டியோ வைத்திருப்பார்கள். பின்னக் கணக்கு வரவில்லை என்றே நான் நினைத்து வந்தேன். ஒரு நாள், ஒன்றும் எழுதாத ஒரு மாணவனைக் கூப்பிட்டு வினாவை உரக்க வாசிக்கச் சொன்னபோது, அவன் "எஞ்சியதில்" என்ற சொல்லில் நின்று, அது ஓர் ஊரின் பெயரா என்று கேட்டான். வினாவை மாற்றி எழுத வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை, வகுப்புக்குப் போகும் முன் பத்து நிமிடத்தில் இப்படி எழுதிக் கரும்பலகையில் போட்டேன்:

"ஒரு விவசாயி நிலக்கடலை அறுவடை செய்தார். அதில் ஐந்தில் இரண்டு பங்கை விற்றார். அதில் நான்கில் ஒரு பங்கை விதைக்கு வைத்தார். மீதி 315 கிலோ. மொத்தம் எவ்வளவு?"

36 சொற்கள் இருந்த வினா 21 சொற்களாகிவிட்டது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது. பிள்ளைகளும் தயங்காமல் எழுதத் தொடங்கினார்கள். அன்று வந்திருந்த 26 பேரில் 24 பேர் விடை கொடுத்தார்கள். ஆனால் 17 பேர் 900 என்றும், 4 பேர் 630 என்றும் எழுதியிருந்தார்கள். சரியான விடையான 700-ஐ எழுதியவர்கள் மூன்றே பேர். முன்பு புரியாமல் விட்டவர்கள் இப்போது புரிந்துகொண்டு தவறாகச் செய்திருக்கிறார்கள் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது.

"மூணாவது வரியில 'அதில்'னு போட்டிருக்கீங்களே, அது எதுலங்க டீச்சர்?"

கடலையை விற்ற வரியில் வரும் "அதில்" அறுவடை செய்த கடலையைக் குறிக்கிறது. விதைக்கு வைத்த வரியில் வரும் "அதில்" எதைக் குறிக்கிறது? விற்றது போக மீதியை என்று நான் நினைத்து எழுதினேன், ஆனால் அந்த வரிக்கு முன்னால் "மீதி" என்ற சொல்லே இல்லை. முதல் "அதில்" மொத்தக் கடலை என்றால் இரண்டாவது "அதில்" என்பதும் மொத்தக் கடலைதான் என்று எடுத்துக்கொள்வது நேர்மையான வாசிப்பு. 17 பேர் அப்படித்தான் வாசித்தார்கள். சற்று முன்பு பேசப்பட்டது விற்ற கடலை என்பதால், விற்ற கடலையில் நான்கில் ஒரு பங்கு என்று 4 பேர் வாசித்தார்கள். விற்றுப்போன கடலையிலிருந்து விதை எடுப்பது எப்படி என்று நாம் கேட்கலாம். கணக்குப் புத்தகத்து விவசாயி எதையும் செய்வார் என்பது பிள்ளைகளின் அனுபவம்.

இந்த மூன்று வாசிப்புகளையும் கட்டம் போட்ட தாளில் 20 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையாக வரைந்து பார்த்தேன். ஐந்துக்கும் நான்குக்கும் பொதுவாக வகுபடும் எண் என்பதால் 20. மொத்த அறுவடை 20 கட்டங்கள், விற்றது 8 கட்டங்கள், மீதி 12. அந்த 12-இல் நான்கில் ஒரு பங்கு 3 கட்டங்கள், அதுதான் விதை. கடைசி மீதி 9 கட்டங்கள், அது 315 கிலோ. ஆகவே ஒரு கட்டம் 35 கிலோ, மொத்தம் 700 கிலோ. விதையை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காக எடுத்தால் விதை 5 கட்டங்கள், கடைசி மீதி 7 கட்டங்கள்; ஒரு கட்டம் 45 கிலோ, மொத்தம் 900. விற்றதில் நான்கில் ஒரு பங்காக எடுத்தால் விதை 2 கட்டங்கள், கடைசி மீதி 10 கட்டங்கள். ஒரு கட்டம் 31.5 கிலோ, மொத்தம் 630.

மூன்று மொத்தங்களும் முழு எண்கள். அவற்றில் ஏதாவது ஒன்று தசமத்தில் சிக்கியிருந்தால், ஏதோ சரியில்லை என்று பிள்ளைகளுக்கும் எனக்கும் உறைத்திருக்கும். 900 என்பது 700-ஐவிட அழகாகவே நிற்கிறது. வினாவின் மொழியைக் குறைக்கப் போய் நான் கணக்கையே மாற்றிவிட்டேன் என்பதை அந்த எண்கள் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த 17 பேருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, தவறு என் கரும்பலகையில் என்று வகுப்பில் சொன்னேன்.

அதன் பிறகு, எந்த வினாவின் மொழியிலும் கைவைக்கும் முன் அதை நானே ஒருமுறை செய்து பார்த்து, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது "எதில்" அல்லது "எதன்" என்று எழுதிக்கொள்கிறேன். மேலே உள்ள வினாவில் ஐந்தில் இரண்டு என்பது மொத்தத்தில். நான்கில் ஒன்று என்பது விற்றது போக மீதியில். 315 என்பது விற்றதும் விதையும் போனபின் இருப்பது. கேட்பது தொடக்கத்தில் இருந்த அளவை. இந்த நான்கும், கீழே உள்ள சமன்பாடும்தான் கணக்கு.

```
x - (2/5)x - (1/4)(3/5)x = 315
```

இதில் எதையும் தொடக்கூடாது. மற்றதெல்லாம் மொழி, அதில் எதை வேண்டுமானாலும் தொடலாம். இப்படிப் பிரித்த பிறகுதான் "எஞ்சியதில்" என்ற சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பது தெரிந்தது. "எஞ்சிய" என்பது பிள்ளைகளுக்குத் தெரியாத ஏட்டுச்சொல், ஆகவே அதை மாற்றலாம். ஆனால் அந்தச் சொல் சுமக்கும் பொருள் கணக்கின் அச்சாணி. நான் செய்த பிழை, கடினமான சொல்லை மாற்றுவதற்குப் பதிலாக நீக்கிவிட்டதுதான்.

மாற்றுச்சொல்லைத் தேடுவதற்கு நான் நம்பிய வழி, பிள்ளைகளையே சொல்லச் சொல்வது. ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977-இல் வெளியிட்ட ஒரு முறை உண்டு. தவறாகச் செய்த மாணவரை உட்கார வைத்து, முதலில் வினாவை வாசிக்கச் சொல்ல வேண்டும்; பிறகு அது என்ன கேட்கிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும்; அடுத்து எந்த வழியில் செய்யப்போகிறாய் என்று கேட்க வேண்டும்; அதன் பிறகே செய்யவும், விடையை எழுதவும் சொல்ல வேண்டும். எந்தப் படியில் மாணவர் நிற்கிறார் என்பது அப்போது தெரியும். முதல் இரண்டு படிகளில் நிற்பவருக்குத்தான் மொழியை எளிமையாக்குவது உதவும். நான் நான்கு பிள்ளைகளிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அப்படி எழுதியதில் எனக்குக் கிடைத்தது "போக" என்ற சொல். நான்கு பேரும் "வித்தது போக", "வெதைக்கு எடுத்தது போக" என்றே சொன்னார்கள். "செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும்?" என்று வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு அது. "ஒதுக்கியது போக எஞ்சிய" என்ற என் பழைய வரியில் எல்லாச் சொல்லுமே கடினம் என்று எண்ணி மொத்தமாக வெட்டியிருந்தேன். வெட்டியதில் அவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல்லும் சேர்ந்து போயிருந்தது. "எஞ்சிய" என்பதற்கு ஒருவன் "பாக்கி" என்றான். மலையாளத்திலும் அதே சொல்தான் என்பதால் எல்லாருக்கும் புரியும். ஆனால் இங்கே கடைக்காரர் "பாக்கி" என்றால் கொடுக்க வேண்டிய கடனாகவும் இருக்கும், திருப்பித் தரும் சில்லறையாகவும் இருக்கும். கடலையை விற்றார் என்ற வரிக்கு அடுத்து "பாக்கி" வந்தால், பணம் வராமல் நிற்கும் கடலை என்று ஒரு பிள்ளையாவது வாசிக்கும். ஆகவே "மீதி" என்றே வைத்தேன். "நிலக்கடலை" இங்கே "கடலைக்காய்". அறுவடை செய்வதில்லை, பறிக்கிறோம். இந்த மாற்றங்களால் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ("தோலோடவா, உரிச்சதாங்க டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நிலையில் இருக்கிறது என்று சொன்னேன். பாதியில் "பருப்பு" என்று நான் எழுதியிருந்தால் அது வேறு கணக்காகியிருக்கும்.)

இரண்டாம் முறை எழுதியதை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. மலையாள வழி வகுப்பில் கணக்குச் சொல்லித் தரும் மாஷிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், பழைய வினாவைப் பார்த்ததில்லை. விடை வேண்டாம், பட்டை மட்டும் வரைந்து தாருங்கள் என்று கேட்டேன். அவர் வரைந்த பட்டை சரியாகத்தான் இருந்தது, ஆனால் "விதைக்கு எடுத்தது போக 315 கிலோ மீதி இருந்தது" என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தார்.

"டீச்சரே, இங்க விதை மட்டும்தானே போகுது? வித்ததும் போச்சா இல்லையான்னு வாக்கியம் சொல்லலையே."

அவர் சொன்னபடி வாசித்தால், மொத்தத்தில் 20 கட்டங்களுக்கு விதை 3 மட்டும் கழித்து 17 கட்டங்கள் 315 கிலோ என்றாகும். 315-ஐ 17 மீதியின்றி வகுக்காது. இந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் வகை, அதனால் ஆபத்து குறைவு. இருந்தாலும் "கடைசியில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். இறுதி வடிவம் இது:

"ஒரு விவசாயி தம் தோட்டத்தில் கடலைக்காய் பறித்தார். பறித்த கடலைக்காயில் ஐந்தில் இரண்டு பங்கை விற்றார். விற்றது போக மீதி இருந்த கடலைக்காயில் நான்கில் ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைத்தார். விதைக்கு எடுத்தது போகக் கடைசியில் 315 கிலோ கடலைக்காய் மீதி இருந்தது. அவர் பறித்த கடலைக்காய் மொத்தம் எத்தனை கிலோ?"

எண்ணிப் பார்த்தால் 38 சொற்கள். பழைய வினாவைவிட இரண்டு சொற்கள் அதிகம். "கடலைக்காய்" என்பதே ஐந்து முறை வருகிறது, ஓர் இடத்தில்கூட "அது", "அதில்", "அவ்வாறு" இல்லை. கட்டுரையில் இப்படி எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். கணக்கு வினாவில் ஒரே பொருளை ஒரே சொல்லால் திரும்பத் திரும்பச் சொல்வது குற்றமில்லை என்பது என் கருத்து. குறைந்திருப்பது சொற்கள் அல்ல, ஒரு வாக்கியத்துக்குள் மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டிய செய்திகள். தமிழில் பெயரெச்சமும் வினையெச்சமும் அடுக்கி எழுதும்போது, வினைமுற்று வரும் வரை வாசிப்பவர் எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டே போக வேண்டும். "விற்பனை செய்த பின்னர்" என்பதை "விற்றார்." என்று முடித்துவிட்டால், ஒரு சுமையை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கலாம். நடந்த வரிசையும் வாக்கிய வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதையும் கவனித்தேன்.

இதே வினாவை எளிமையாக்கித் தரும்படி, இணையான வகுப்பை நடத்தும் இன்னொரு டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். அவர் எழுதித் தந்தது வாசிக்க என்னுடையதைவிட இனிமையாக இருந்தது: "விவசாயி 700 கிலோ கடலைக்காய் பறித்தார், ஐந்தில் இரண்டு பங்கை விற்றார், மீதியில் நான்கில் ஒரு பங்கை விதைக்கு வைத்தார், இப்போது எவ்வளவு இருக்கும்?" அதே கதை, அதே எண்கள். ஆனால் இங்கே தெரியாத அளவு முடிவில் இருக்கிறது. பிள்ளை முன்னோக்கி நடந்தால் போதும். பழைய வினாவில் தெரியாத அளவு தொடக்கத்தில் இருந்தது, முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அந்தப் பின்னோக்கிய நடைதான் அந்த வினா சோதிக்கும் கணக்கு. வேறொரு நாள் பயிற்சிக்கு அவருடைய வினா நல்லது, இந்த வினாவுக்கு மாற்று ஆகாது. "விற்றது போக ஐந்தில் மூன்று பங்கு மீதி இருந்தது" என்று நடுவில் ஒரு வரி சேர்ப்பதும் இதே வகைதான். பிள்ளை செய்ய வேண்டிய ஒரு படியை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

விடை ஒன்றாக வந்தால் போதும் என்று சரிபார்ப்பதும் போதாது. நான் முதலில் இந்த வினாவுக்கு யோசித்த எண்கள் வேறு: மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு விற்பனை, மீதியில் மூன்றில் ஒரு பங்கு விதை. மீதி என்பது நான்கில் மூன்று பங்கு. அதில் மூன்றில் ஒன்று என்றால் மொத்தத்தில் நான்கில் ஒன்று. ஆக விற்றதும் விதையும் ஒரே அளவு. எளிமையாக்கும் ஒருவர் "விற்ற அளவே விதைக்கும் வைத்தார்" என்று எழுதினால் விடை அச்சாக அதேதான் வரும், ஆனால் மீதியின் பங்கைக் காணும் கணக்கு காணாமல் போயிருக்கும். இதனால்தான் நான் விடைகளை ஒப்பிடுவதில்லை. இரண்டு வினாக்களுக்கும் தனித்தனியாகச் சமன்பாடு எழுதி, உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுகிறேன்.

தமிழில் மட்டுமல்ல, மலையாளத்திலும் இதே மாதிரி மாட்டிக்கொள்ளும் இன்னொரு சொல்லை மாஷ்தான் சுட்டிக் காட்டினார்: "குறைந்தது". எங்கள் பகுதியில் கோடையில் கிணறு வற்றுவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் கிணற்றுக் கணக்குகள் நிறையப் போடுவோம். கிணற்றில் 12 அடித் தண்ணீர் இருந்தது. "3 அடி குறைந்தது" என்றால் இப்போது இருப்பது 9 அடி. "3 அடியாகக் குறைந்தது" என்றால் இருப்பது 3 அடி. "குறைந்தது 3 அடி இருந்தது" என்றால் 3 அடியோ அதற்கு மேலோ. வேகமாக எளிமையாக்கும்போது முதலில் உதிர்வது அந்த "ஆக"தான், ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் வாக்கியம் நன்றாகவே ஓடும். இப்போது நான் "12 அடியிலிருந்து 3 அடிக்கு இறங்கியது" என்றோ, "முன்பு இருந்ததைவிட 3 அடி குறைந்தது" என்றோ எழுதுகிறேன்; மூன்றாவது பொருளுக்கு "3 அடிக்குக் குறையாமல்" என்று வைக்கிறேன்.

இறுதி வடிவத்தில் "ஐந்தில் இரண்டு பங்கு" என்பதை 2/5 என்று எண்ணால் எழுதிவிடலாமே என்று இரண்டாவது டீச்சர் கேட்டார். எனக்கு அதில் தயக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தமிழில் பகுதி எண் முன்னும் தொகுதி எண் பின்னும் வருகிறது. காதில் விழும் வரிசையிலேயே எழுதும் பிள்ளை 5/2 என்று எழுதுகிறது. அது மொழிச் சிக்கல்தான், ஆனால் ஏழாம் வகுப்புக் கணக்கின் ஒரு பகுதியான மொழிச் சிக்கல். பங்கைச் சொல்லால் கேட்டு எண்ணால் எழுதுவது நான் சொல்லித் தர வேண்டிய ஒன்று. வினாவிலிருந்து அதை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது வரவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் போகும். சமன்பாடு அமைப்பதை மட்டும் சோதிக்கும் தாளாக இருந்தால் 2/5 என்றே கொடுப்பேன்.

அதே வகுப்புக்கு, சில வாரம் இடைவெளி விட்டு, கடலைக்காய்க்குப் பதில் தேங்காயும் வேறு எண்களும் வைத்து, புதிய வடிவத்தில் கேட்டேன். எழுதாமல் விட்டவர் யாரும் இல்லை. சரியாகச் செய்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். தவறியவர்களில் எட்டுப் பேரை அழைத்து வாசிக்கவும் சொல்லவும் வைத்தேன். எட்டுப் பேரும் கதையைப் பிசகாமல் சொன்னார்கள். ஆறு பேர், மீதித் தேங்காயின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்துக்கு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்குக் கட்டப் பட்டை வரைவதில் தனியாகப் பயிற்சி தொடங்கியிருக்கிறேன். மற்ற இருவரின் தாளில் ஐந்தில் இரண்டு, 5/2 ஆக இருந்தது.